என்னைப் போல, நான் இல்லாமல்: சொல்லுருபையும் வேற்றுமை உருபையும் பிரித்துக் காட்டுதல்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற தமிழாசிரியர் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் ஓசூர்ப் பகுதியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். எனக்குத் தரப்பட்ட தலைப்பு வேற்றுமை. எட்டு வேற்றுமைகளையும் இங்கு வரிசையாகச் சொல்லப் போவதில்லை. அவை உங்கள் அனைவருக்கும் தெரிந்தவை. பெயருக்குப் பின்னால் வரும் 'போல', 'இல்லாமல்' போன்ற சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவை ஐ, ஆல், கு போன்ற உருபுகளிலிருந்து எப்படி வேறுபடுகின்றன, அந்த வேறுபாட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது என்பதுதான் பேச்சு.

ஒரு மாணவி எழுதிய கட்டுரையிலிருந்து ஐந்து வரிகளைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் அப்படியே தந்திருக்கிறேன்.

"விடுமுறையில் பாட்டி ஊருக்குப் போனேன். என் இல்லாமல் தம்பி அழுதானாம். பாட்டி வீட்டில் இருந்து ஏரிக்கு நடந்தோம். மாமா கயிறைக் கொண்டு வாளியைக் கட்டினார். நான் போல மாமா பெண்ணும் எட்டாம் வகுப்பு படிக்கிறாள்."

'என் இல்லாமல்', 'நான் போல' என்ற இரண்டு இடங்களைப் பாருங்கள். இரண்டும் தவறு. ஒன்றில் வர வேண்டிய வடிவம் மற்றொன்றின் பக்கம் போய்விட்டது. 'நான் இல்லாமல்' என்றும் 'என்னைப் போல' என்றும் இருக்க வேண்டும். தமிழை வீட்டு மொழியாகக் கொண்ட பிள்ளை இந்தத் தவறைப் பேச்சில் செய்வதில்லை. எங்கள் பகுதியில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. தொழிற்சாலை வேலைக்காக வடக்கிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. இந்தியில் இந்த இரண்டு இடத்திலும் ஒரே வடிவம்தான் வரும்: 'மேரே பினா', 'மேரே ஜைசா'. 'மேரே' என்றால் 'என்'. அந்தப் பழக்கத்தில் தமிழுக்கு வரும் பிள்ளை இரண்டு இடத்திலும் ஒரே வடிவத்தைத் தேடுகிறது. தெலுங்கில் 'நேனு லேகுண்டா' என்பது நம் 'நான் இல்லாமல்' போலவே இருக்கிறது. ஆனால் 'நா லாகா' என்பதில் 'நா' என்பது 'என்' மட்டுமே, அதில் ஐ இல்லை. ஆகவே இங்கும் சறுக்க இடம் இருக்கிறது. 'தவறு' என்று சிவப்பு மையில் சுழித்தால் மட்டும் இந்தப் பிள்ளை திருந்தாது. ஏன் இங்கே 'நான்', ஏன் அங்கே 'என்னை' என்று நாம் சொல்லியாக வேண்டும்.

இனி, தமிழை வீட்டில் பேசும் பிள்ளைகளின் குழப்பத்துக்கு வருவோம். அது வேறு வகை. 'தந்தையைப் போல நடந்தான்' என்ற தொடரில் வேற்றுமை உருபை அடிக்கோடிடச் சொன்னால் பலர் 'போல' என்ற சொல்லின் கீழ்க் கோடிடுகிறார்கள். காரணம் நம் கலைச்சொற்களிலேயே இருக்கிறது. வேற்றுமைப் பாடத்தில் 'வேற்றுமை உருபு' என்கிறோம். அணிப் பாடத்தில் 'போல' என்பதை 'உவம உருபு' என்கிறோம். கொண்டு, உடன், இருந்து முதலியவற்றைச் 'சொல்லுருபு' என்கிறோம். மூன்றிலும் உருபு இருக்கிறது. உருபைக் கண்டுபிடி என்றால் பிள்ளை எதைக் கண்டுபிடிக்கும்? கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதைக் கண்டுபிடிக்கும். 'தந்தையை' என்பதற்குள் ஒட்டியிருக்கும் ஐ கண்ணுக்குப் படாது.

நாம் எழுதிப் போடும் சொல்லுருபுப் பட்டியலும் இதைத் தீர்ப்பதில்லை. மூன்றாம் வேற்றுமைக்குக் கொண்டு, உடன். நான்காம் வேற்றுமைக்குப் பொருட்டு, நிமித்தம். ஐந்தாம் வேற்றுமைக்கு இருந்து, நின்று. ஆறாம் வேற்றுமைக்கு உடைய. வேற்றுமை உருபுக்குப் பதிலாக வரும் முழுச்சொற்களின் பட்டியல் இது. 'போல', 'இல்லாமல்', 'தவிர', 'பற்றி', 'விட' ஆகியவை இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பிள்ளைகள் நாள்தோறும் எழுதுபவை இவைதாம். இவற்றுக்கு ஒரு வரையறையை மனப்பாடம் செய்ய வைப்பதைவிடச் சோதித்துப் பார்க்கும் வழியைத் தருவது பயன் தரும். நான் வகுப்பில் பயன்படுத்துவது இரண்டு சோதனைகள்.

முதல் சோதனைக்கு 'நான் சோதனை' என்று பெயர் வைத்திருக்கிறோம். தொடரில் உள்ள பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'நான்' என்ற சொல்லைப் பொருந்தும் வடிவில் வைக்க வேண்டும். ஏன் 'நான்' என்றால், 'கிளி', 'தாய்' போன்ற பெயர்கள் எல்லா இடத்திலும் ஒரே முகத்தோடு நிற்கும். 'நான்' அப்படி நிற்காது. எழுவாயாக இருந்தால் 'நான்', உருபு ஏற்றால் 'என்' என்று முகத்தை மாற்றிக் காட்டிவிடும்.

செய்து பார்ப்போம். ஐ, ஆல், கு என்ற உருபுகளைச் சேர்த்தால் என்னை, என்னால், எனக்கு என்று வரும். உருபைக் கையால் மறைத்தால் மிஞ்சுவது 'என்'. அதில் வேறு உருபு எதுவும் இல்லை. இப்போது 'போல' என்பதைச் சேர்ப்போம்: என்னைப் போல. 'போல' என்பதை மறைத்தால் மிஞ்சுவது 'என்னை'. அது ஏற்கெனவே ஐ உருபை ஏற்று முடிந்த பெயர். 'தவிர', 'பற்றி', 'விட' மூன்றும் இதே வகை: என்னைத் தவிர, என்னைப் பற்றி, என்னை விட. அடுத்து 'இல்லாமல்' என்பதைச் சேர்ப்போம்: நான் இல்லாமல். மறைத்தால் மிஞ்சுவது 'நான்'. எந்த மாற்றமும் அடையாத எழுவாய்.

இங்கேதான் வேறுபாடு தெரிகிறது. வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி அதன் பொருளை வேறுபடுத்துகிறது. 'போல', 'இல்லாமல்' போன்ற சொற்கள் தாமாகப் பெயரை வேறுபடுத்துவதில்லை. எந்த வேற்றுமையில் நிற்கும் பெயர் தமக்கு முன்னால் வர வேண்டும் என்று அவை கேட்கின்றன. 'போல' இரண்டாம் வேற்றுமையைக் கேட்கிறது. 'இல்லாமல்' முதல் வேற்றுமையைக் கேட்கிறது. வகுப்பில் நான் இதை ஒரே வரியில் சொல்வேன்: உருபு ஒட்டும், சொல்லுருபு கேட்கும்.

ஏன் அப்படிக் கேட்கின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். விடை எளிது. இவை வினையிலிருந்து வந்த சொற்கள். 'போல்' என்றால் ஒத்திரு என்று பொருள். ஒத்திருப்பதற்குச் செயப்படுபொருள் வேண்டும்: எதை ஒத்திருக்கிறது? அந்த 'எதை' என்பதில் உள்ள ஐதான் 'என்னைப் போல' என்பதிலும் இருக்கிறது. போன்ற, போன்றவர் என்ற வடிவங்கள் இன்றும் வழங்குவதால் அந்த வினையின் உயிர் இன்னும் போகவில்லை என்று காட்டலாம். 'பற்றி', 'விட', 'தவிர' ஆகியவற்றுக்கும் முறையே பற்று, விடு, தவிர் என்ற வினைகள் இருக்கின்றன. எதைப் பற்றினான், எதை விட்டான், எதைத் தவிர்த்தான் என்று கேட்டால் ஐ வந்துவிடும். 'இல்லாமல்' அப்படியன்று. அது இன்மையைச் சொல்வது. யார் இல்லை? நான் இல்லை. இன்மைக்குரியவர் எழுவாய். அதனால் ஐ வர இடமே இல்லை. 'இன்றி' என்பதும் இதே வகைதான்: நானின்றி, பணமின்றி. சேர்த்து எழுதுகிறோம் என்பதற்காக 'இன்றி' உருபாகிவிடாது. உள்ளே 'நான்' மாறாமல் நிற்கிறதே!

கயிறு, வீடு, மரம் போன்ற பெயர்களிலும் இதைக் காட்டலாம். உருபு ஒட்டும்போது அவை உருமாறும்: கயிற்றை, வீட்டை, மரத்தை. 'இல்லாமல்' வந்தால் உருமாறுவதில்லை: கயிறு இல்லாமல், வீடு இல்லாமல், மரம் இல்லாமல். மாணவி எழுதிய 'கயிறைக் கொண்டு' என்பதும் இங்கேயே திருந்திவிடும். 'கொண்டு' ஐயைக் கேட்கும். ஐ ஒட்டினால் 'கயிறு' என்பது 'கயிற்றை' ஆகும். ஆகவே கயிற்றைக் கொண்டு.

இந்த இடத்தில் கூர்மையான பிள்ளை ஒரு கேள்வி கேட்கும். "ஐயா, கிளி போலப் பேசினாள், மரம் போல நின்றான் என்று எழுதுகிறோமே, அங்கே ஐ இல்லையே?" நல்ல கேள்வி. 'மரம் வெட்டினான்' என்பதில் ஐ மறைந்திருப்பதைப் போல இங்கும் மறைந்திருக்கிறது. மறைந்துதான் இருக்கிறது, இல்லாமல் போகவில்லை என்பதற்கு நான் சோதனையே சான்று. கிளியை எடுத்துவிட்டு 'நான் போல' என்று வைத்துப் பாருங்கள், எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். செய்யுளில் 'என்போல்' என்று வரும். அங்கும் 'என்' வருகிறதே தவிர 'நான்' வருவதில்லை. ஒற்றும் இதையே காட்டுகிறது. 'கிளியைப் போல' என்பதில் ஐ வெளிப்படையாக இருப்பதால் ப் மிகுகிறது. 'கிளி போல' என்பதில் ஐ மறைந்திருப்பதால் மிகவில்லை. ஒற்று ஏன் அங்கே வந்தது, இங்கே வரவில்லை என்பதைத் தனி விதியாகச் சொல்லாமல் இந்தப் பாடத்தோடு சேர்த்தே சொல்லிவிடலாம்.

இரண்டாவது சோதனைக்கு இரண்டு பெயர்கள் வேண்டும். இரு பெயர்களை உம் போட்டு இணைத்து, பின்னால் வருவது ஒருமுறை வந்தால் போதுமா, இருமுறை வர வேண்டுமா என்று பார்க்க வேண்டும். 'சோறும் தண்ணீரும் இல்லாமல் நடந்தார்கள்.' ஒரே 'இல்லாமல்' இரண்டு பெயருக்கும் போதும். 'அண்ணனையும் தம்பியையும் போல இருந்தார்கள்.' ஒரே 'போல' போதும். ஆனால் ஐ இருமுறை வந்திருப்பதைக் கவனியுங்கள். உருபு ஒவ்வொரு பெயரிலும் தனித்தனியாக ஒட்டியாக வேண்டும். 'அண்ணனும் தம்பியுமை' என்று கடைசியில் ஒருமுறை ஒட்ட முடியாது. 'அண்ணன், தம்பி ஆகியோரை' என்பதில் ஒருமுறைதானே வருகிறது என்று கேட்டால், அங்கே 'ஆகியோர்' என்பதே உருபு ஏற்கும் சொல் என்று விளக்கலாம். ஒரே தொடரில் உருபையும் சொல்லுருபையும் அருகருகே காட்ட, 'அண்ணனையும் தம்பியையும் போல' என்பதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இனி, இந்தச் சோதனைகள் எங்கே தடுமாறும் என்பதையும் சொல்ல வேண்டும். 'உடன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சோதனையில் 'என்னுடன்' என்று வருகிறது. மறைத்தால் மிஞ்சுவது 'என்'. அதில் உருபு இல்லை. இரண்டாவது சோதனையில் 'அண்ணனுடனும் தம்பியுடனும்' என்று இருமுறை வருகிறது. 'அண்ணனும் தம்பியும் உடன்' என்றால் நாம் சொல்ல வந்த பொருள் வராது. இரண்டு சோதனையிலும் 'உடன்' ஓடு உருபைப் போலவே நடந்துகொள்கிறது. நம் பாடம் அதைச் சொல்லுருபு என்கிறது. ஏனென்றால் 'உடன் வந்தான்' என்று தனிச்சொல்லாகவும் அது வழங்குகிறது. பாடம் சொல்வதும் சரி, சோதனை காட்டுவதும் சரி. சொல்லாகத் தொடங்கிய ஒன்று, பெயரோடு வரும்போது உருபாக மாறிக்கொண்டிருக்கிறது. 'எனக்காக' என்பதில் உள்ள 'ஆக' இதே வழியில் பாதி தூரம் வந்திருக்கிறது. 'எனக்கு' என்பதில் கு தெளிவாக இருப்பதால் முதல் சோதனையில் அது சொல்லுருபு. 'அவனுக்காகவும் அவளுக்காகவும்' என்று இருமுறை வருவதால் இரண்டாவது சோதனையில் அது உருபின் பக்கம்.

'மேல்' இன்னொரு வகை. நன்னூல் ஏழாம் வேற்றுமைக்குத் தரும் 28 உருபுகளில் மேல், கீழ், முன், பின், உள் எல்லாம் அடங்கும். இன்றைய வழக்கில் 'மேல்' எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். 'தலையின் மேல் கூடை இருக்கிறது' என்றால் கூடை தலையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. 'தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது' என்றால் விசிறி தலையைத் தொடவில்லை. நல்ல வேளை! தனக்கு முன் வரும் பெயரில் 'இன்' வருகிறதா, கு வருகிறதா என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. ஐயோ ஆலோ தனக்கு முன்னால் இப்படி இன்னோர் உருபை வைத்துக்கொள்வதில்லை. தேர்வில் 'ஏழாம் வேற்றுமை உருபுகள் யாவை' என்று கேட்டால் மேல், கீழ் ஆகியவற்றை எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் தர வேண்டும். வகுப்பில் இந்த வேறுபாட்டையும் காட்டலாம். இரண்டுக்கும் முரண் இல்லை. நன்னூல் பொருளை வைத்துத் தொகுக்கிறது, நாம் வடிவத்தை வைத்துச் சோதிக்கிறோம்.

கடைசியாக ஒரு சிக்கல். இவை வினையிலிருந்து வந்தவை என்பதால், சில தொடர்களில் இன்னும் வினையாகவே நிற்கும். வினையா, சொல்லுருபா என்று எப்படிப் பிரிப்பது? 'அம்மா குடத்தைக் கொண்டு வந்தாள்.' 'அம்மா குடத்தைக் கொண்டு நீர் முகந்தாள்.' இரண்டிலும் 'குடத்தைக் கொண்டு' இருக்கிறது. அந்த இடத்தில் ஆல் உருபை வைத்துப் பாருங்கள். 'குடத்தால் நீர் முகந்தாள்' பொருந்துகிறது. 'குடத்தால் வந்தாள்' பொருந்தவில்லை. முகந்த தொடரில் அது மூன்றாம் வேற்றுமைக் கருவிப் பொருள் தரும் சொல்லுருபு. வந்த தொடரில் அது வினை.

'குடத்தைக் கொண்டு' என்பதற்கு விடை எழுதும்போது ஒரு பிள்ளை 'இரண்டாம் வேற்றுமை' என்றும், இன்னொரு பிள்ளை 'மூன்றாம் வேற்றுமை' என்றும் எழுதும். 'குடத்தை' என்ற சொல்லை மட்டும் கேட்டிருந்தால் வெளிப்படையாக இருப்பது ஐ. 'குடத்தைக் கொண்டு' முழுவதையும் கேட்டிருந்தால் அது தரும் பொருள் மூன்றாம் வேற்றுமைக்குரியது. வினாத்தாள் எடுக்கும்போது எந்தச் சொல்லைக் கேட்கிறோம் என்று அடிக்கோடிட்டுக் காட்டிவிட்டால் இந்தத் தகராறு வராது. அடிக்கோடில்லாமல் கேட்டுவிட்டு, விடைக்குறிப்பில் ஒன்றை மட்டும் சரி என்று போட்டால், சரியாகச் சிந்தித்த ஒரு பிள்ளை மதிப்பெண் இழக்கும்.

'இருந்து' என்பதற்கும் இதுபோல் ஒரு வழி உண்டு. 'மூன்று நாள்' என்பதை நடுவில் நுழைத்துப் பாருங்கள். 'ஊரில் இருந்து திரும்பினான்' என்பதை 'ஊரில் மூன்று நாள் இருந்து திரும்பினான்' என்று ஆக்கலாம். அப்போது 'இருந்து' தங்கியதைச் சொல்லும் வினை. மாணவி எழுதிய 'பாட்டி வீட்டில் இருந்து ஏரிக்கு நடந்தோம்' என்பதில் புறப்பட்ட இடத்தைச் சொல்வதுதான் அவள் கருத்து. அங்கே மூன்று நாளை நுழைத்தால் கருத்தே மாறிவிடும். அது சொல்லுருபு. 'வீட்டிலிருந்து' என்று சேர்த்து எழுதச் சொன்னால் படிப்பவருக்கு ஐயம் வராது. வினையாக வரும்போது பிரித்தும், நீங்கல் பொருளில் வரும்போது சேர்த்தும் எழுதும் பழக்கத்தை என் வகுப்பில் வைத்திருக்கிறேன்.

வினையின் மிச்சம் ஒற்றிலும் தெரியும். 'போல', 'பற்றி', 'இன்றி' ஆகியவை வினையெச்ச வடிவங்கள் என்பதால் அடுத்து வல்லினம் வந்தால் மிகும்: என்னைப் போலப் பாடினாள், என்னைப் பற்றிப் பேசினாள், உணவின்றித் தவித்தான். 'இல்லாமல்' என்பதும் வினையெச்சம்தான். ஆனால் ல் என்ற மெய்யில் முடிவதால் அங்கே ஒற்று மிகாது: உணவில்லாமல் தவித்தான்.

மீண்டும் கரும்பலகையைப் பார்ப்போம். மாணவி தன் கையால் திருத்த வேண்டிய வரிகள் இப்போது இப்படி இருக்கும்.

"விடுமுறையில் பாட்டி ஊருக்குப் போனேன். நான் இல்லாமல் தம்பி அழுதானாம். பாட்டி வீட்டிலிருந்து ஏரிக்கு நடந்தோம். மாமா கயிற்றைக் கொண்டு வாளியைக் கட்டினார். என்னைப் போல மாமா பெண்ணும் எட்டாம் வகுப்பு படிக்கிறாள்."

இதை நடத்த ஒரு பாடவேளை போதும். இரண்டு கட்டு அட்டைகள் செய்துகொள்ளுங்கள். ஒன்றில் நான், என், என்னை, எனக்கு, என்னிடம் என்று ஐந்து அட்டைகள். மற்றொன்றில் போல, இல்லாமல், தவிர, பற்றி, விட, இன்றி, உடன், மேல், ஆக, இருந்து என்று பத்து அட்டைகள். எந்த அட்டையோடு எந்த அட்டை சேரும் என்று குழுவாகச் சேர்த்துப் பார்க்கட்டும். தமிழை வீட்டில் பேசும் பிள்ளைகள் காதால் கேட்டே சரியாகச் சேர்த்துவிடுவார்கள். தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளையை ஒவ்வொரு குழுவிலும் ஒருவராக உட்கார வையுங்கள். 'என் இல்லாமல்' என்று அந்தப் பிள்ளை அட்டையை வைத்தால், பக்கத்துப் பிள்ளை மாற்றி வைக்கும். மாற்றி வைத்த பிள்ளையிடம் "ஏன் மாற்றினாய்?" என்று கேளுங்கள். 'யார் இல்லை? நான் இல்லை' என்ற விடை அதன் வாயிலிருந்தே வரும்போது இரண்டு பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள். 'மேல்' அட்டை 'என்' அருகிலும் போகும், 'எனக்கு' அருகிலும் போகும். அங்கே குழுக்களுக்குள் சண்டை வரும். அப்போது தலையையும் மின்விசிறியையும் காட்டுங்கள்.

ஐயங்கள் இருந்தால் இப்போது கேட்கலாம்.